கிணற்றுக் குரலுக்குப் போர்வை

வீட்டில் போனில் குரல் பதிவு செய்தால் கிணற்றுக்குள் பேசுவதுபோல் கேட்கிறது, என்ன செய்வது?

அதன் பெயர் அறை முழக்கம். உங்கள் குரல் சுவரில் மோதி, சற்றுத் தாமதமாக மைக்குக்குத் திரும்புகிறது. வீடு காலிசெய்த அன்று வெற்று அறையில் பேசினால் கேட்குமே, அதேதான்.

கனமான போர்வையை இரண்டாக மடித்து உங்கள் முதுகுக்குப் பின்னால், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். பலரும் போனுக்குப் பின்னால் மட்டும் கட்டுகிறார்கள். மைக் பார்ப்பதோ உங்கள் முதுகுப்பக்கச் சுவரை. ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ‘டப்’ என்று உடனே அடங்கினால் போதும்.

போன் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே வைத்தால் ‘ப’ வெடிக்கும். அவசரமாக வாசித்தால் மூச்சிரைப்பும் பதிவாகும். வாக்கிய முடிவில் ஒரு நொடி நின்றால், பிழையை வெட்டுவதும் எளிது.

போர்வை வெளிச்சத்தத்தைத் தடுக்கும் என்று நினைக்க வேண்டாம். மின்விசிறியை நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.