க்யூஏ லீட் தரும் பரிந்துரைக் கடிதம்

"வெளிநாட்டில் எம்.எஸ். விண்ணப்பிக்கிறேன். என் லீட் 'கடின உழைப்பாளி, நல்ல டீம் பிளேயர்' என்று எழுதித் தந்திருக்கிறார். போதுமா?"

போதாது. நீங்கள் பிடித்த ஒரே ஒரு பக் பற்றி விரிவாக எழுதச் சொல்லுங்கள். உதாரணமாக, பணம் செலுத்தும்போது நெட் போய், பயனர் பட்டனை மறுபடி அழுத்தினால் இரண்டு தடவை பணம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது மற்றவர்களிடம் ஏன் சிக்கவில்லை, நீங்கள் எப்படி மீண்டும் வரவழைத்துக் காட்டினீர்கள், ரெக்ரஷன் டெஸ்டில் என்ன சேர்த்தீர்கள் என்று அவர் சொல்லட்டும். கிளையன்ட் பெயர் வேண்டாம், 'ஒரு வங்கிச் செயலி' என்றாலே போதும்.

அப்புறம், பல பல்கலைக்கழகங்கள் கடிதத்தைப் பதிவேற்றும் லிங்க்கை நேராக உங்கள் லீடுக்கே அனுப்பும். அவருடைய ஜிமெயிலைக் கொடுத்தால் சந்தேகப்படலாம், அலுவலக மின்னஞ்சலையே கொடுங்கள். அவர் வேலையை விட்டுப் போய்விட்டால் அந்த மின்னஞ்சலைப் பார்க்க முடியாது, அதனால் நோட்டீஸ் பீரியடில் இருக்கிறாரா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.