‘ப, இ, ன’ என்று சொல்லும் பிள்ளை ‘பின்’ என்று படிக்க

“வணக்கம் அம்மா. கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலையில் ஒன்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். எல்லோரும் ஒன்று, இரண்டாம் வகுப்பு. ஆங்கில எழுத்துகளின் ஒலி தனித்தனியாகத் தெரிகிறது. ‘பின்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துப் படிக்கச் சொன்னால் ‘ப, இ, ன’ என்று சொல்லிவிட்டு ‘பஇன’ என்கிறார்கள்; இல்லாவிட்டால் ‘பென்சில்’ என்று ஊகிக்கிறார்கள். தினமும் ஒரு மணி நேரம் இதற்கே போகிறது. பிள்ளைகளும் சோர்ந்துவிடுகிறார்கள். எவ்வளவு நேரம், எப்படிச் செய்வது?”

பிள்ளைகளின் மேல் தவறில்லை. ப, இ, ன என்ற மூன்றையும் நீங்களே வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ‘பஇன’ என்றுதான் வரும். ‘பின்’ வரவே வராது. காரணம், ‘ப’ என்பது ஓர் ஒலி அல்ல, ‘ப்’பும் ‘அ’வும் சேர்ந்த இரண்டு ஒலிகள். ‘ன’வும் அப்படியே. அந்த இரண்டு அகரங்களும் நடுவில் நிற்கும்வரை எத்தனை மணி நேரம் பழகினாலும் சொல் ஒட்டாது.

நம் பிள்ளைகளுக்கு இது இயல்பாகவே வரும் பழக்கம். க, ங, ச என்று உயிர்மெய்யைச் சொல்லியே வளர்கிறார்கள். “சரி, புள்ளி வைத்து மெய்யாகச் சொல்” என்றால் இன்னொரு வால் முளைக்கிறது. மெய்யெழுத்துகளை நாம் ‘இக், இங், இச்’ என்றுதானே ஒப்பிக்கிறோம்? அதனால் ‘இப், இ, இன்’ என்று முன்னால் ஓர் இகரம் வந்து நிற்கும். மூன்றாவது வால் சொல்லின் கடைசியில் ஒட்டும் உகரம். பேச்சில் பஸ் ‘பஸ்ஸு’ ஆகிறது, மிஸ் ‘மிஸ்ஸு’ ஆகிறது. பிள்ளை ஒலியைத் தனியே சொல்லும்போது இந்த மூன்றில் எது ஒட்டுகிறது என்று ஒரு மாலை முழுவதும் காது கொடுத்துக் கேளுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் வாயில் எது ஒட்டுகிறது என்று கேட்பது. கைப்பேசியில் பதிவு செய்து கேட்டபோதுதான் நானே ‘ம’ என்று சொல்லிக்கொடுத்துவந்தது எனக்குத் தெரிந்தது; அதற்குள் ஆசிரியப் பணியில் பத்து வருடம் போயிருந்தது.

எந்தச் சொல்லில் தொடங்குவது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. ‘பின்’ முதல் சொல்லாக வரக் கூடாது. ப், ட், க் போன்ற ஒலிகள் வெடித்து முடிந்துவிடும். இழுத்துப் பிடிக்க முடியாது. பிடிக்க முயன்றால் உடனே அகரம் வந்துவிடும். ஸ், ம், ன், ல் ஆகியவற்றை மூச்சு உள்ளவரை இழுக்கலாம். ஆகவே சொல்லின் தொடக்கம் இழுக்கக்கூடிய ஒலியாக இருக்கட்டும். முடிவுக்கு நம் இலக்கணமே வழி காட்டுகிறது. தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. ம், ன், ல் ஆகியவற்றில் தாராளமாக முடியும். அப்படி முடியும் ஆங்கிலச் சொல்லைப் பிள்ளையின் நாக்கு உகரம் சேர்க்காமல் எளிதாகச் சொல்லும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முதல் வாரத்துக்கு ஐந்து எழுத்துகள் போதும்: எஸ், எம், என், எல், ஐ. இவற்றில் சிம், இன், இல், மில், நில் என்ற சொற்கள் கிடைக்கின்றன. சிம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. ‘நில்’ என்று படித்ததும் யாராவது ஒரு பிள்ளை எழுந்து நிற்கும், நிற்கட்டும். மில், இல் ஆகியவற்றின் கடைசியில் எல் எழுத்து இரண்டு முறை வரும். “இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி” என்று சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம்.

உயிரெழுத்தில் ஒரு பொறி இருக்கிறது. ‘ஐ’ என்று பெயர் கொண்ட ஆங்கில எழுத்து இந்தச் சொற்களில் ‘இ’ என்று ஒலிக்கிறது. ‘இ’ என்று பெயர் கொண்ட எழுத்தோ ‘எ’ என்று ஒலிக்கிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் கொடுத்தால் தமிழ்ப் பிள்ளை நிச்சயம் குழம்பும். முதல் இரண்டு வாரம் ஐ மட்டும். மூன்றாம் வாரம் இன்னொன்றைச் சேர்த்தால் மென், செல் வந்துவிடும். அதுவரை எழுத்தின் பெயரை யாரும் சொல்ல வேண்டாம், ஒலி மட்டும் போதும்.

இனி நேரம். ஒரு மணி நேரத்தைப் பன்னிரண்டு நிமிடமாகக் குறையுங்கள். கைப்பேசியின் கடிகாரத்தை உங்கள் பக்கம் திருப்பி வையுங்கள். அது பிள்ளையை விரட்ட அல்ல, உங்களை நிறுத்த. யார் எத்தனை நொடியில் படித்தார்கள் என்று அளக்கத் தொடங்கினால் ஊகிப்பது இன்னும் கூடும்.

முதல் இரண்டு நிமிடம் காதுக்கு. அட்டை, பலகை எதுவும் வேண்டாம். நீங்கள் “ம்ம்ம்… ஈஈஈ… ன்ன்ன்” என்கிறீர்கள், அவர்கள் “மீன்” என்கிறார்கள். மான், வால், நாய் என்று தமிழ்ச் சொற்களே போதும். சேர்ப்பது என்றால் என்ன என்பது இங்கேதான் புரிகிறது. அடுத்த இரண்டு நிமிடம் எழுத்து அட்டை. அட்டையைக் காட்டியதும் ஒலி வர வேண்டும். மூன்று நொடி தயங்கினால் நீங்களே சொல்லி, அந்த அட்டையை நான்கு அட்டை கழித்து மீண்டும் காட்டுங்கள்.

பிறகு ஐந்து நிமிடம் சேர்த்துப் படித்தல். பலகையில் சொல்லைச் சிறிய எழுத்தில் இடைவெளி விட்டு எழுதி, முதல் எழுத்தின் கீழ் விரலை வையுங்கள். விரல் நிற்கும்வரை அந்த ஒலி நீள வேண்டும். விரல் நகரும்போது குரல் நிற்காமல் அடுத்த ஒலிக்குள் வழுக்க வேண்டும்: “ஸ்ஸ்ஸ்இஇஇம்ம்ம்”. பின் விரலை வேகமாக இழுத்து, “சிம்”. குரல் அறுபடாமல் போவதுதான் இதன் உயிர். ஒவ்வொரு ஒலிக்கும் நடுவில் நிறுத்திச் சொல்லும் பிள்ளை, மூன்றாவதுக்கு வருவதற்குள் முதலாவதை மறந்துவிடுகிறது. பிறகு எது நினைவில் வருகிறதோ அதைச் சொல்லி ஒப்பேற்றுகிறது. உங்கள் ‘பென்சில்’ அங்கிருந்துதான் வந்தது. நிறுத்தாமல் இழுத்துச் சேர்ப்பதே அதிகப் பலன் தருகிறது என்று அமெரிக்காவில் மழலைப் பிள்ளைகளிடம் கோன்சாலஸ்-ஃப்ரே, ஈரி என்ற ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்து 2021இல் எழுதியிருக்கிறார்கள்.

ஒன்பது பேர் சேர்ந்து கத்தினால் இரண்டு பேர்தான் படிப்பார்கள், மற்றவர்கள் எதிரொலிப்பார்கள். ஆகவே எல்லோரும் சேர்ந்து ஒருமுறை, பிறகு ஆளுக்கு ஒரு சொல். ஐந்து நிமிடத்துக்கு ஐந்து சொல் போதும்.

கடைசி மூன்று நிமிடம் எழுதுவதற்கு. நீங்கள் “மில்” என்கிறீர்கள். பிள்ளை விரல் மடக்கி ஒலிகளைப் பிரித்து, சிலேட்டில் எழுதுகிறது. படிப்பதைத் தலைகீழாகச் செய்வதுதான் இது. ஊகித்துப் படிக்கும் பிள்ளை இங்கே அகப்பட்டுவிடும். மணி அடித்ததும் மூடிவிடுங்கள், நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும். வீட்டுக்குக் கிளம்பும் முன் அதே சொற்களை ஒருமுறை மட்டும் வாசிக்கச் சொல்லலாம்.

அரியாங்குப்பத்தில் நான் பார்த்த ஒரு முதல் வகுப்புப் பையனைச் சொல்கிறேன். சிம் அட்டையைப் பார்த்ததும் “எஸ், ஐ, எம்… சன்டே” என்றான். நான் அட்டையை மூடிவிட்டு வாயால் மட்டும் “ம்ம்ம்… இஇஇ… ல்ல்ல்” என்றேன். உடனே “மில்” என்றான். ஆக, சேர்ப்பது அவனுக்குத் தெரியும். எழுத்தைக் கண்டதும் ஒலிக்குப் பதில் பெயர் வருகிறது. அவனுக்கு எழுத்து அட்டை நேரத்தை நான்கு நிமிடமாக்கி, காதுப் பயிற்சியை நிறுத்தினேன். நான்காம் நாள் சிம்மும் மில்லும் படித்தான். பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு நேர்மாறு. எழுத்தின் ஒலிகளைத் தப்பாமல் சொன்னாள், வாயால் சொன்ன மூன்று ஒலிகளைச் சேர்க்கத் தெரியவில்லை. அவளுக்கு இரண்டு துண்டில் தொடங்கினேன்: “வா… ய்”, “நா… ய்”. ஒன்பது பேரையும் ஒருமுறை இப்படி ஆளுக்கு ஒரு நிமிடம் சோதியுங்கள். யாருக்கு எந்த இடத்தில் தடை என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுத்தால் அந்த ஒரு மணி நேரம் திரும்ப வந்துவிடும்.

நான்காம் வாரத்தில் ‘பின்’னுக்கு வரலாம். இழுக்க முடியாத ப் ஒலிக்கு நம்மிடம் ஒரு கருவி இருக்கிறது. ப் என்பதோடு இ சேர்ந்தால் பி என்பது தமிழில் பிள்ளை ஏற்கெனவே அறிந்தது. அதனால் மூன்றாகப் பிரிக்காமல், முதல் இரண்டு எழுத்தையும் ஒரே மூச்சில் ‘பி’ என்று சொல்லி, பிறகு ‘ன்’னை இழுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள்: “பி… ன்ன்ன், பின்”. நினைவில் வைக்க இரண்டு துண்டுதான். டின், டென் எல்லாம் இதே வழி. முடிவில் வல்லினம் வரும் சிட், நெட் ஆகியவற்றை அதற்குப் பிறகு வையுங்கள். ‘நெட்டு’ என்று உகரம் வந்தால் திட்டாமல், கடைசி ஒலியில் நாக்கை அப்படியே நிறுத்திக் காட்டினால் போதும்.

ஒரு பிள்ளை உண்மையில் படிக்கிறதா, மனப்பாடம் செய்துவிட்டதா என்று பார்க்க, ஒரே எழுத்தை மாற்றிக்கொண்டே போங்கள்: இல், மில், சில், செல். பார்த்திராத பத்துச் சொல்லில் எட்டைக் குரல் அறுபடாமல் படித்தால் அடுத்த எழுத்துக்குப் போகலாம். பெற்றோர் ஆங்கிலச் சொல்லின் கீழே தமிழில் எழுதிக்கொடுத்தால் பிள்ளையின் கண் கீழ்வரிக்குத்தான் போகும்; அதை மட்டும் தடுத்துவிடுங்கள். ‘தி’, ‘வாஸ்’, ‘ஒன்’ போன்ற சொற்கள் இந்த முறைக்குள் அடங்காது. அவற்றை வாரம் ஒன்றாகப் பார்த்துப் பழகட்டும். ஆறு வாரம் கழித்தும் வாயால் சொல்லும் இரண்டு ஒலியைக்கூடச் சேர்க்க முடியாத பிள்ளை இருந்தால், முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும், காதில் சீழ் வரும் பிள்ளைகளுக்கு ஸ் போன்ற மெல்லிய ஒலிகள் சரியாக விழாமல் போகலாம்.

ஆங்கில ஏ எழுத்தை ஐந்தாம் வாரத்துக்கு முன் தொட வேண்டாம். மேன், ஃபேன் என்று நாம் எழுதும் சொற்களில் அதன் ஒலி தமிழில் இல்லாதது. ‘ஏ’வும் அல்ல, ‘ஆ’வும் அல்ல. அந்த வாரம் ஒரு சிறிய கண்ணாடியை வாங்கி வையுங்கள். ‘எ’ என்று சொல்லிக்கொண்டே தாடையைக் கீழே இறக்கச் சொன்னால், பிள்ளை அதைக் கண்ணாடியில் பார்த்தே பிடித்துக்கொள்ளும்.