மிச்சாமி துக்கடம்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சௌகார்பேட்டையில் ஒரு துணி மொத்த வியாபாரியிடம் பதினோரு வருடமாகச் சரக்கு எடுக்கிறேன். குஜராத்தி ஜைனர். ஆடி மாதத்தில் ஒரு பில் தகராறில், அவர் கடைப் பையன்கள் முன்னால், "ஏமாத்துறீங்க" என்று கத்திவிட்டேன். பிறகு பார்த்தால் தப்பு என் கணக்கில். அவர்கள் பண்டிகைக்கு எல்லாருக்கும் "மிச்சாமி துக்கடம்" என்று அனுப்புவார்கள். நானும் அதையே அனுப்பினால் போதுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அனுப்பலாம். ஆனால் அதோடு நிறுத்தினால் போதாது.

அது பிராகிருதம். "என் தீச்செயல் பயனற்றுப் போகட்டும்" என்று பொருள். ஜைனர்களில் ஒரு பிரிவான சுவேதாம்பரர்களுக்குப் பர்யூஷண் என்ற நோன்புக் காலம் எட்டு நாள். கடைசி நாள் சம்வத்சரி. அன்று மாலை பிரதிக்கிரமணம் என்ற சடங்கில் உட்கார்ந்து ஆண்டு முழுவதும் செய்த பிழைகளை நினைத்துப் பார்த்துவிட்டு, வெளியே வந்து ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சொல்வது. பிரதிக்கிரமணம் தினமும் உண்டு, பதினைந்து நாளுக்கு ஒன்று, நான்கு மாதத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று என்றும் உண்டு. கோபத்தை ஒரு வருடத்துக்கு மேல் சுமந்தால் அது ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும் வகையில் சேர்ந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. வாழ்த்து வருடா வருடம் வருவது அதனால்தான்.

இப்போது அது பூப்படத்தோடு இருநூறு பேருக்குப் போகிறது. "மனத்தால், வாக்கால், உடலால், தெரிந்தோ தெரியாமலோ" என்று ஒரு வரியும் இருக்கும். யாரையும் குறிப்பாகப் புண்படுத்தாதவருக்கு அது பொருந்தும். உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் வாக்கால் செய்தீர்கள், தெரிந்தே செய்தீர்கள். "புண்பட்டிருந்தால்" என்றும் எழுதாதீர்கள். அந்த 'ஆல்' வந்ததும், புண்பட்டாரா இல்லையா என்று நிரூபிக்கும் வேலை அவர் தலையில் விழுகிறது. எனக்கு ஒருமுறை அப்படி ஒரு செய்தி வந்தது. இரண்டு நாள் பதில் எழுதவில்லை.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"மிச்சாமி துக்கடம் பாய். ஆடியில் உங்கள் பையன்கள் முன்னால் நீங்கள் ஏமாற்றுவதாகச் சொன்னேன். தப்பு என் கணக்கில்தான் இருந்தது. மன்னித்துவிடுங்கள்."

அவ்வளவுதான். அன்று வெயில், தலைவலி, லாரி தாமதம் எல்லாம் வேண்டாம். அடுத்த ஆர்டரைப் பற்றியும் அதில் பேசாதீர்கள். முன்னால் "ஹேப்பி" போடாதீர்கள். அது நோன்பு நாள்.

இன்னொன்று. செய்தி அவருக்கு மட்டும்தான் போகும், நீங்கள் சொன்னதைக் கேட்டது பையன்களும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அவர்கள் காதில் விழும்படி ஒருமுறை சொல்லிவிடுங்கள். எனக்கென்னவோ செய்தியைவிட அதுதான் அவருக்கு முக்கியமாக இருக்கும் என்று படுகிறது.

சம்வத்சரி பெரும்பாலும் பிள்ளையார் சதுர்த்தி அன்றோ மறுநாளோதான் வரும். வீட்டில் கொழுக்கட்டை இருக்கிறதே என்று டப்பாவோடு போய் நிற்காதீர்கள். தண்ணீர் மட்டும் குடித்து உபவாசம் இருப்பவர்கள் நிறைய. மறுநாள் பாரணை முடியட்டும்.