பரிசோதகரின் அவசரக் குறிப்பு முறையான வழுப்பதிவாவது எப்படி?

கேள்வி: கிளிநொச்சியில் நெல் கொள்வனவுச் செயலி ஒன்றைப் பரிசோதிக்கிறோம். ஆலைக்குப் போன பரிசோதகர் வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினார்: “நிறை மாத்தினா மொத்தம் மாறேல்லை. நெட் இல்லாத நேரம் போல. பிறகு தானா சரி. துண்டிலை பேர் பெட்டி பெட்டியா வருது. அவசரம்!” இதை அப்படியே டிக்கெட்டில் போட்டால், நிரலாளர்கள் “எங்களுக்கு வரவில்லை” என்று மூடிவிடுகிறார்கள். எப்படி எழுதுவது?

பதில்: மொழிநடையைத் திருத்துவதற்கு முன், குறிப்பில் கண்டது எது, ஊகித்தது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். மொத்தம் மாறாததும், பெயர் பெட்டிகளாக அச்சானதும் அவர் கண்டவை. “நெட் இல்லாத நேரம் போல” என்பது ஊகம். அது சரியாகவும் இருக்கலாம், ஆனால் சோதித்துப் பார்க்கும் வரை அதைப் படிகளுக்குள் எழுதக்கூடாது. பற்றுச்சீட்டில் எழுத்து சிதைவது வேறொரு வழு. பெரும்பாலும் அச்சுப்பொறியின் எழுத்துரு பற்றியது, திருத்துபவரும் வேறொருவராக இருக்கலாம். அதற்குத் தனி டிக்கெட் திறவுங்கள். இரண்டையும் ஒன்றாக எழுதினால், ஒன்று திருத்தப்பட்டதும் டிக்கெட் மூடப்பட்டு மற்றது மறைந்துபோகும்.

அடுத்து, ஊகத்தைச் சோதிக்க வேண்டும். ஆலை இருக்கும் முரசுமோட்டையில் சிக்னல் விட்டுவிட்டு வருவதை அலுவலகத்தில் இருக்கும் நிரலாளர் மீண்டும் உருவாக்க முடியாது. ஏரோபிளேன் மோடைப் போட அவரால் முடியும். ஆகவே அந்த மோடைப் போட்டும் எடுத்தும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இணைப்பு இருக்கும்போது, சேமித்த பின் திருத்தினால் மொத்தம் மாறுகிறதா? இணைப்பு இல்லாமல், சேமிப்பதற்கு முன்பே திருத்தினால்? இணைப்பு இல்லாமல், சேமித்த பின் திறந்து திருத்தினால்? முதல் இரண்டிலும் மொத்தம் சரியாக வந்து, மூன்றாவதில் மட்டும் பிழைத்தால், “நெட் இல்லை” என்ற ஊகம் பாதிதான் உண்மை. “சேமித்த பின்” என்பதே விடுபட்ட மறுபாதி. நிரலாளருக்கு வழு வராமற் போனதற்கு அந்த மறுபாதி குறிப்பில் இல்லாததே காரணமாக இருக்கும். சோதனையின் முடிவு அப்படி அமைந்தால் பதிவு இவ்வாறு அமையும்:

தலைப்பு: இணைய இணைப்பு இல்லாதபோது, சேமித்த கொள்வனவின் நிறையைத் திருத்தினால் மொத்தத் தொகை மாறுவதில்லை

முன்நிலை: கொள்வனவாளர் கணக்கில் உள்நுழைந்திருத்தல், நெல் விலை கிலோவுக்கு 120 ரூபாய், ஏரோபிளேன் மோட் இயக்கத்தில் இருத்தல்.

படிகள்:
1. புதிய கொள்வனவைத் திறந்து நிகர நிறை 1,640 கிலோ எனப் பதிந்து சேமிக்கவும்.
2. பட்டியலிலிருந்து அதே கொள்வனவைத் திறக்கவும்.
3. நிறையை 1,604 எனத் திருத்திச் சேமிக்கவும்.
4. பற்றுச்சீட்டை அச்சிடவும்.

எதிர்பார்த்த விளைவு: மொத்தம் 192,480 ரூபாய் (1,604 × 120). பற்றுச்சீட்டிலும் அதுவே.

கிடைத்த விளைவு: நிறை 1,604 என மாறுகிறது; மொத்தம் 196,800 ஆகவே நிற்கிறது. பற்றுச்சீட்டிலும் 196,800. இணைப்பு வந்து ஒத்திசைந்த பின் திரையில் 192,480 ஆகிறது.

மீள்நிகழ்வு: 5 முயற்சியில் 5.

இவற்றோடு கைபேசியின் மாதிரி, ஆண்ட்ராய்ட் பதிப்பு, செயலியின் பதிப்பெண் ஆகியவற்றையும் சேருங்கள்.

எதிர்பார்த்த விளைவைத்தான் பலர் “சரியாக வர வேண்டும்” என்று எழுதி வீணாக்குகிறார்கள். அங்கே வர வேண்டிய தொகையும், அது எந்த விதியிலிருந்து வருகிறது என்பதும் இருக்க வேண்டும். இணைப்பு இல்லாதபோதும் தொகையை உடனே கணிக்க வேண்டும் என்று தேவை ஆவணத்தில் இருந்தால் அதன் பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் டிக்கெட் திறக்கும் முன் செயலிக்குப் பொறுப்பானவரிடம் கேளுங்கள், ஏனெனில் “அப்படித்தான் வடிவமைத்தோம்” என்ற பதில் வரக்கூடிய இடம் அதுதான்.

கிடைத்த விளைவில், “பிறகு தானா சரி” என்ற சொற்களை நான் வெட்டிவிடமாட்டேன்; ஆனால் அவை எதைக் குறிக்கின்றன என்று விரித்து எழுதுவேன். அப்படியே விட்டால் வழு பாரதூரமற்றதாகத் தோன்றும். உண்மையில் திரை திருந்துவதற்குள் விவசாயி 4,320 ரூபாய் கூடுதலான பற்றுச்சீட்டோடு வீட்டுக்குப் போயிருப்பார், கணக்கில் வேறு தொகை இருக்கும். “அவசரம்!” என்ற சொல்லுக்குப் பதிலாக இந்த விளைவை எழுதினால் பாரதூரத்தின் அளவை மற்றவர்களே மதிப்பிடுவார்கள். எப்போது திருத்துவது என்ற முன்னுரிமை அதற்குப் பின் குழு எடுக்கும் முடிவு.

எவ்வளவு முயன்றும் வழு மீண்டும் வராவிட்டாலும் டிக்கெட்டைத் திறக்கலாம். படிகளை இட்டுக்கட்டாமல், “ஒரு முறை மட்டும் நிகழ்ந்தது” என்று எழுதி, ஸ்கிரீன்ஷாட்டையும் நிகழ்ந்த நேரத்தையும் இணையுங்கள். நேரத்தோடு “இலங்கை நேரம்” என்றும் குறிப்பிடுங்கள்; சர்வர் பதிவேடுகள் பல யூடிசி நேரத்தில் இருப்பதால், காலை 10.30க்கு ஆலையில் நடந்ததை நிரலாளர் அங்கே 5.00 மணிக்கு நேரே தேட வேண்டியிருக்கும்.