மஞ்சள் மாத்திரை டப்பாவில் இருக்கும் முத்திரைகள் எதைச் சொல்கின்றன?

கேள்வி: எங்க அம்மாவுக்கு மூட்டு வலிங்க. ஈரோட்டுல ஒரு கடையில மஞ்சள் சாறு மாத்திரை வாங்கினோம். டப்பாவுல ஜைவிக் பாரத் முத்திரை, ஜிஎம்பி முத்திரை ரெண்டும் இருக்கு. அம்மா ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடறாங்க. ரெண்டு முத்திரை இருக்கறதால பயமில்லாம கொடுக்கலாமுங்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: கொடுக்காதீர்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மஞ்சள் சாறு மாத்திரை எடுத்து, ரத்தம் உறையும் தன்மை அளவுக்கு மீறிக் குறைந்த சம்பவங்கள் மருத்துவப் பதிவில் உள்ளன. முதலில் டாக்டரிடம் டப்பாவைக் காட்டுங்கள்.

இப்போது முத்திரைகளுக்கு வருவோம். ஜைவிக் பாரத் முத்திரை வயலைப் பற்றியது. ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடாமல் விளைந்து, அந்த முறைப்படியே பதனிடப்பட்டது என்பதற்கு அது சான்று. அந்த மஞ்சள் உங்கள் அம்மாவின் உடம்பில் என்ன செய்யும் என்பதை யாரும் அதற்காகச் சோதிப்பதில்லை.

ஜிஎம்பி தொழிற்சாலையைப் பற்றியது. சுத்தமான இடம், சரியான இயந்திரம், ஒவ்வொரு தொகுதிக்கும் பதிவேடு, தரச் சோதனை ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது. ஆயுர்வேத, சித்த மருந்து தயாரிக்க உரிமம் வேண்டுமானால் இது சட்டப்படியே கட்டாயம். ஆகவே டப்பாவில் பெரிதாகப் போட்டிருப்பதைத் தனிச்சிறப்பு என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. மூட்டு வலி குறையும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

டப்பாவின் பின்பக்கச் சிறு எழுத்தைப் பாருங்கள். '95 சதவீத குர்குமினாய்டு, 500 மில்லிகிராம்' என்று இருந்தால் ஒரு மாத்திரையில் மஞ்சளின் வீரியப் பொருள்களான குர்குமின் வகைகள், அதாவது குர்குமினாய்டு, 475 மில்லிகிராம் இருக்கிறது. சாதாரண மஞ்சள்தூளில் இது சுமார் மூன்று சதவீதம்தான். அப்படியானால் ஒரு மாத்திரை ஏறக்குறைய 16 கிராம் தூளுக்குச் சமம், அதாவது சுமார் ஐந்து தேக்கரண்டி. குழம்பில் போடுவது ஒரு சிட்டிகை. பலவற்றில் மிளகுச் சாறான பைப்பரின் வேறு சேர்க்கிறார்கள். குர்குமினை உடம்பு அதிகமாக உறிஞ்சவே அது.

இந்த அளவில்தான் ஈரல் பாதிப்பு வருகிறது. 2022இல் இத்தாலி அரசு இதற்காகவே இந்த மாத்திரைகளில் எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் குறைவுதான். ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வயலும் தொழிற்சாலையும் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இது வரலாம், ஏனென்றால் காரணம் கலப்படமல்ல, குர்குமினேதான்.

வலிக்குப் பலன் உண்டா என்றால், சில சிறிய ஆய்வுகளில் மூட்டு வலி ஓரளவு குறைந்திருக்கிறது. அதையும் அந்த முத்திரைகள் சொல்லவில்லை, ஆய்வுகள்தான் சொல்கின்றன.

அம்மா ஏற்கெனவே சில நாள் மஞ்சள் மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு ரத்தம் உறையும் பரிசோதனை (ஐஎன்ஆர்) எடுக்கச் சொல்லுங்கள். சிறுநீர் அடர்நிறமாகப் போனாலும், கண் மஞ்சளானாலும், காரணமில்லாமல் உடம்பு அரித்தாலும், ஈறில் ரத்தம் கசிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள், அதில் உள்ள தொகுதி எண் டாக்டருக்குத் தேவைப்படும். சமையலில் போடும் மஞ்சளை நிறுத்த வேண்டியதில்லை.