எஸ்டேட் வீட்டுக்கு வாடகை இல்லை, ஆனால் வரி உண்டா?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் மேனேஜராக இருக்கிறேன். பிஎஃப் நீங்கலாக 2025-26 வருடச் சம்பளம் 12.60 லட்சம். 12.75 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்கள். ஆனால் தலைமை அலுவலகம் 79,716 ரூபாய் டிடிஎஸ் பிடித்திருக்கிறது. கேட்டால் எஸ்டேட் வீட்டில் வாடகையில்லாமல் இருப்பதால்தான் என்கிறார்கள். 2024 ஏப்ரலில் குடிவந்தேன், அந்த வருடச் சம்பளம் 11 லட்சம். வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம், சாமான்கள் என்னுடையவை. இது சரியா?

பதில்:

வீட்டுக்காகக் கொஞ்சம் வரி வரத்தான் செய்யும். ஆனால் இவ்வளவு வராது. சேலத்தில் சம்பளக் கணக்கு பார்க்கும் வேலையில் இருக்கிறேன், மலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இதே தவறு நேர்வதைப் பார்த்திருக்கிறேன்.

வீடு நிறுவனத்தின் சொந்த வீடாக இருந்தால், வீட்டின் உண்மையான வாடகை என்ன என்று யாரும் பார்ப்பதில்லை. உங்கள் சம்பளத்தில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை வீட்டின் மதிப்பாக எடுத்துச் சம்பளத்தோடு கூட்டுவார்கள். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 40 லட்சத்தைத் தாண்டிய ஊரென்றால் 10 சதவீதம், 15 முதல் 40 லட்சம் வரை என்றால் 7.5, அதற்குக் கீழே 5. 2023 செப்டம்பர் 1 முதல் இந்த விகிதம்தான். இதில் சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளம், போனஸ், வரிக்கு உட்பட்ட அலவன்ஸ் எல்லாம் சேர்ந்தது. நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கு இதில் வராது.

வீடு எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரின் மக்கள்தொகையைத்தான் பார்க்க வேண்டும், அலுவலகம் இருக்கும் ஊரை அல்ல. ஏற்காடு மட்டுமில்லை, சேலம் மாநகரமே சுமார் 8.3 லட்சம்தான். ஆக உங்களுக்கு 5 சதவீதம்.

உங்கள் 79,716 எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். 10 சதவீதமாக 1,26,000 கூட்டினால் 13,86,000. நிலையான கழிவு 75,000 போக 13,11,000. புதிய முறையில் இதற்கு வரி 76,650, செஸ் சேர்த்தால் சரியாக 79,716. தலைமை அலுவலகம் சென்னையில் இருந்தால், அந்த ஊரின் விகிதத்தையே உங்களுக்கும் போட்டிருக்கிறார்கள்.

சரியான கணக்குக்கு வருவோம். 5 சதவீதம் 63,000. கூட்டினால் 13,23,000, கழிவு போக 12,48,000. வீடு இல்லையென்றால் 12 லட்சத்துக்குள் நின்று வரியே வந்திருக்காது. இப்போது எல்லையை 48,000 தாண்டுகிறது. சாதாரணக் கணக்கில் வரி 67,200 வரும், ஆனால் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக்கூடாது என்ற மார்ஜினல் ரிலீஃப் இருப்பதால் 48,000 தான். செஸ்ஸோடு 49,920. கையில் வராத 63,000-க்கு இத்தனை வரி என்பது உண்மையிலேயே வலிக்கும். இந்த எல்லையை ஒட்டிச் சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான் வீடு இப்படி அடிக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, பலர் விட்டுவிடுவது. அதே வீட்டில் இரண்டாவது வருடமும் இருந்தால், வீட்டின் மதிப்பு முதல் வருட மதிப்பைப் பணவீக்கக் குறியீட்டு விகிதத்துக்கு மேல் மிஞ்சக்கூடாது. முதல் வருடம் உங்களுக்கு 11 லட்சத்தில் 5 சதவீதம், அதாவது 55,000. குறியீடு 2024-25-க்கு 363, 2025-26-க்கு 376. 55,000 × 376 ÷ 363 = 56,970. ஆகவே 63,000 அல்ல, 56,970 தான் கூட்ட வேண்டும். அப்போது வருமானம் 12,41,970, வரி செஸ்ஸோடு சுமார் 43,650. பிடித்ததில் ஏறக்குறைய 36,000 ரூபாய் அதிகம்.

சலுகைகளின் மதிப்பைக் காட்டி நிறுவனம் தரும் 12பிஏ படிவத்தைக் கையில் எடுத்து முதல் வரிசையைப் பாருங்கள். தங்குமிடத்துக்கு நேரே மதிப்பு, உங்களிடம் பிடித்த வாடகை, வரிக்குரிய மீதி என்று வரிசையாக இருக்கும். அங்கே 1,26,000 இருந்தால் தவறு உறுதி. போன ஜூனில் நாகலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், நாலாக மடித்த அந்தத் தாளை மேஜையில் விரித்து, "இந்த எண் எங்கிருந்து வந்ததுங்க?" என்றுதான் கேட்டார். அவருக்கும் இதே 10 சதவீதம்தான். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வதற்கு முன்பே நிறுவனத்திடம் சொல்லி டிடிஎஸ் அறிக்கையைத் திருத்தச் சொல்லுங்கள். பாரம் 16-ல் ஒரு எண், உங்கள் கணக்கில் வேறு எண் என்று போனால் பிறகு நோட்டீஸுக்குப் பதில் எழுத வேண்டி வரும்.

மலைப்பகுதி, தொலைதூர இடம் என்று மொத்தமாக விலக்கு கிடைக்குமா என்று எஸ்டேட் ஆட்கள் கேட்பதுண்டு. கிடைக்காது. அந்த விலக்கு சுரங்கம், அணை, மின்னுற்பத்தி போன்ற பணியிடங்களுக்குத்தான், காபித் தோட்டம் அந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்த வருடத்துக்கு ஒரு யோசனை. ஸ்பெஷல் அலவன்ஸில் ஒரு பகுதியைக் குறைத்து, அதை நிறுவனத்தின் பங்காக உங்கள் என்பிஎஸ் கணக்கில் கட்டச் சொல்லிக் கேளுங்கள். அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை புதிய முறையிலும் கழியும், பணமும் உங்களுடையதாகவே இருக்கும். அப்புறம், வீட்டுக்கு வாடகை என்று எதையாவது சம்பளத்தில் பிடிக்க ஆரம்பித்தால், அந்தத் தொகை வீட்டின் மதிப்பில் அப்படியே குறைகிறதா என்று அந்த வருடப் படிவத்தில் மறக்காமல் சரிபாருங்கள்.