நாமினி அண்ணன் பேர்ல, சர்வீஸ் அஞ்சு வருஷம் ஆகல: இறந்தவரோட கிராஜுவிட்டி யாருக்கு?

கேள்வி: என் வீட்டுக்காரர் கோவை பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல வேலை பார்த்தார். 2021 ஜூன் 10 சேர்ந்தார், 2025 பிப்ரவரி 14 இறந்துட்டார். கடைசி ரெண்டு மாசம் ஆஸ்பத்திரில இருந்ததால வேலைக்குப் போகல, சம்பளமும் வரல. பத்து மாசம் ஆச்சு, மில்லுல கேட்டா அஞ்சு வருஷம் ஆகல கிராஜுவிட்டி வராதுன்னாங்க, அப்புறம் போனா அவர் நாமினியா அண்ணன் பேரைத்தான் போட்டிருக்கார், உங்களுக்குத் தர முடியாதுன்றாங்க. சேர்ந்து ஒரு வருஷம் கழிச்சு எழுதினதாம், எங்களுக்கு கல்யாணம் ஆனது அதுக்கும் அப்புறம்தான். ஒரு பையன், ரெண்டு வயசு. மாமியார் இருக்காங்க, மாமனார் இல்ல. நான் கேக்கலாமா, என்னென்ன பேப்பர் வேணும்?

பதில்: கேக்கலாம் சகோதரி. மில்லுல சொன்ன ரெண்டு காரணமுமே நிக்காது. இருபது வருஷமா லேபர் கேஸ் ஃபைல் பண்ணிட்டு இருக்கேன், இந்த ரெண்டு பதிலையும் கேட்டுட்டு வீட்டுக்குத் திரும்பிப் போன குடும்பங்கள நிறைய பார்த்திருக்கேன்.

முதல்ல அஞ்சு வருஷம். 1972 கிராஜுவிட்டி சட்டம் 4வது பிரிவுல அஞ்சு வருஷ சர்வீஸ் வேணும்னு இருக்குறது உண்மைதான், ஆனா அதே பிரிவுலயே ஆள் இறந்துட்டாலோ உடம்பு முடியாம ஊனமாகி வேலை போனாலோ அந்த அஞ்சு வருஷம் தேவையில்லன்னும் எழுதியிருக்கு. மில் ஆபீஸ்ல முதல் வரிய மட்டும் படிச்சிட்டு சொல்லியிருப்பாங்க, இல்ல கேக்குறவங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சிருப்பாங்க, எதுவா இருந்தாலும் எழுத்துல அப்படி ஒரு பதில் தரமாட்டாங்க.

இப்போ நாமினி விஷயம், இதுதான் உங்க கேஸ்ல முக்கியம், கொஞ்சம் நிதானமா படிங்க. ஒருத்தர் சேர்ந்து ஒரு வருஷம் முடிஞ்சதும் முப்பது நாளுக்குள்ள ஃபார்ம் எஃப்ல நாமினேஷன் எழுதிக் குடுக்கணும். அதுல நினைச்ச பேரை எல்லாம் போட்டுட முடியாது. குடும்பம் இருக்குறவர் குடும்பத்து ஆள் பேரைத்தான் போடணும், வெளியாள் பேரைப் போட்டா அது செல்லாது. ஆம்பள தொழிலாளிக்கு குடும்பம்னா மனைவி, பிள்ளைங்க, அவரை நம்பி இருக்குற அப்பா அம்மா, மனைவியோட அப்பா அம்மா (அவங்களும் அவரை நம்பி இருந்தா), அப்புறம் இறந்துபோன மகனோட மனைவி, பிள்ளைங்க. இந்த லிஸ்ட்ல அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி யாரும் கிடையாது. கூடப் பிறந்தவன் குடும்பம் இல்லையான்னு கேப்பாங்க, வீட்டுல குடும்பம்தான், இந்த சட்டத்துல இல்ல.

அப்போ உங்க வீட்டுக்காரர் எழுதினது என்னாகும்? ரெண்டு வழிதான். அவர் எழுதுன அன்னைக்கு மாமியார் அவர் சம்பாத்தியத்துலதான் இருந்தாங்கன்னா அவருக்கு அப்பவே குடும்பம் இருக்கு, அண்ணன் பேரைப் போட்டது அன்னைக்கே செல்லாது. இல்ல, மாமியார் மூத்த மகன் கூட இருந்தாங்க, இவருக்கு குடும்பமே இல்லன்னு வச்சுக்கிட்டா அன்னைக்கு யார் பேரை வேணா போடலாம், ஆனா பின்னாடி குடும்பம் வந்த உடனே அந்த நாமினேஷன் தானாவே செத்துப்போயிடும், கல்யாணம் ஆன அன்னைக்கே. புதுசா ஃபார்ம் ஜி எழுதிக் குடுத்திருக்கணும், அவர் குடுக்கல, எல்லாரும் அப்படித்தான். எந்த வழில பார்த்தாலும் அந்த ஃபார்ம்ல இருக்குற பேருக்கு இப்போ மதிப்பு இல்ல.

ஆனா மில்லுக்குப் போய் அந்த ஃபார்ம் எஃப் காப்பிய வாங்கி தேதியையும் பேரையும் உங்க கண்ணால பாருங்க. ஏன்னா அதுல அண்ணன் பேருக்குப் பதிலா மாமியார் பேர் இருந்து, அவங்க அப்போ மகனை நம்பி இருந்தவங்கன்னா கதையே மாறிடும், அது கல்யாணத்துக்கு அப்புறமும் செல்லும். மில்லு மாமியார்கிட்ட பணத்தைக் குடுத்தா அவங்க பொறுப்பு முடிஞ்சுது. அப்பவும் நாமினின்றவர் பணத்தை வாங்குற கைதான், பணம் வாரிசுங்களுக்குத்தான்னு 1984ல எல்ஐசி பாலிசி வழக்கு ஒண்ணுல சுப்ரீம் கோர்ட் சொன்னதை வச்சு உங்க பங்கை அவங்ககிட்ட கேக்கலாம், ஆனா அது சிவில் கோர்ட் வழி, மில்லைக் கேக்குறது மாதிரி லேசு இல்ல.

நீங்க சொன்னபடி அண்ணன் பேருதான்னா நாமினியே இல்லாத கேஸ் மாதிரிதான், பணம் வாரிசுங்களுக்குப் போகணும். இங்க ஒரு விஷயம் உங்களுக்குப் பிடிக்காம இருக்கலாம், மனைவிக்கே முழுசா வராது. இந்துக்களுக்கு 1956 வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளை, அம்மா மூணு பேரும் முதல் வகுப்பு வாரிசு, ஆளுக்கு சமமா ஒரு பங்கு. அப்பா உயிரோட இருந்தாலும் இந்த வரிசைல வரமாட்டார், அண்ணனுக்கும் இல்ல. கிறிஸ்தவங்களா இருந்தா கணக்கு வேற, மனைவிக்கு மூணுல ஒரு பங்கு, மீதி ரெண்டு பங்கு பிள்ளைங்களுக்கு, பிள்ளை இருக்குறப்போ அம்மாவுக்குக் கிடையாது.

எவ்வளவு வரும்? நீங்க சம்பளம் எழுதல, அதனால ஒரு உதாரணத்துக்கு பேசிக் 10,400, டிஏ 5,200ன்னு வச்சுக்கலாம், மொத்தம் 15,600. வீட்டு வாடகைப்படி, ஓவர்டைம், போனஸ் எதையும் சேர்க்கக் கூடாது. இதை 26ஆல வகுத்தா ஒரு நாள் சம்பளம் 600, பதினஞ்சு நாளுக்கு 9,000, அதான் ஒரு வருஷத்துக்கான கிராஜுவிட்டி. சர்வீஸ் எத்தனை வருஷம்? 2021 ஜூன் 10ல இருந்து 2025 பிப்ரவரி 14 வரைக்கும் மூணு வருஷம் எட்டு மாசம் சொச்சம். மிச்ச மாசம் ஆறைத் தாண்டிட்டா முழு வருஷமா எடுக்கணும், ஆக நாலு வருஷம், 36,000 ரூபாய்.

இங்கதான் ஒரு குழி இருக்கு பாருங்க. கடைசியா வேலைக்கு வந்தது டிசம்பர் 10 வாக்குலதானே, அதுவரைக்கும்தான் சர்வீஸ்னு மில்லு கணக்கு போட்டா மூணு வருஷம் ஆறு மாசம். ஆறு மாசத்தைத் தாண்டணும்னுதான் சட்டம், ஆறு மாசம் சரியா இருந்தா போதாது, அதனால மூணு வருஷமாக்கி 27,000 குடுத்துடுவாங்க, 9,000 போச்சு. சம்பளம் இல்லாட்டியும் நோய்ல படுத்திருந்த நாளை சர்வீஸ் முறிவா எடுக்க முடியாதுன்னு 2ஏ பிரிவு சொல்லுது, அவர் இறந்த நாள் வரைக்கும் மில்லு ஆள்தான். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, ஈஎஸ்ஐ சீட்டு இருந்தா பத்திரமா வைங்க, அதுதான் உங்களுக்கு ஆதாரம். சம்பளமும் லீவுக்கு முன்னாடி கடைசியா வாங்குன ரேட்டைத்தான் எடுக்கணும், சம்பளமே வராத ஜனவரியை இல்ல.

36,000ஐ மூணா பிரிச்சா ஆளுக்கு 12,000. பையனோட 12,000 உங்க கையில வராது, மைனர் பங்கை மில்லு தொழிலாளர் துறைல இருக்குற கட்டுப்பாட்டு அதிகாரிகிட்ட கட்டணும், அவர் பையனுக்கு பதினெட்டு ஆகுற வரைக்கும் பேங்க்ல டெபாசிட் போட்டு வைப்பார். மாமியார் விரும்பினா அவங்க பங்கை உங்களுக்கு விட்டுக்குடுத்து நோட்டரி முன்னாடி எழுதித் தரலாம், பையன் பங்கை மட்டும் நீங்க அம்மாவா இருந்தும் விட்டுக்குடுக்க முடியாது.

பேப்பர்னு பார்த்தா இறப்புச் சான்றிதழ், தாசில்தார் குடுக்குற வாரிசுச் சான்றிதழ் ரெண்டும்தான் அஸ்திவாரம். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துலயே அப்ளை பண்ணலாம், விஏஓ, ஆர்ஐ விசாரிச்சு அப்புறம் தாசில்தார்கிட்ட போகும். அதுல மாமியார் பேரை விட்டுட்டு வாங்கலாம்னு யாராவது ஐடியா குடுப்பாங்க, வேண்டாம், பின்னாடி அவங்க ஆட்சேபணை குடுத்தா மொத்தமும் நின்னுடும். அண்ணன் எதிர்த்து எழுதிக் குடுத்து பிரச்சனை ஆனாத்தான் கோர்ட்ல சக்சஷன் சர்டிபிகேட் வரைக்கும் போக வேண்டி வரும், ஆரம்பத்துலயே அதுக்கு ஓடாதீங்க, 36,000க்கு வக்கீல் ஃபீஸ் கட்டி முடியாது. இதுகூட உங்க ஆதார், மாமியார் ஆதார், பையன் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு இருந்தா அது, பாஸ்புக் முதல் பக்கம், அவரோட அப்பாயிண்ட்மென்ட் ஆர்டர், கடைசி சம்பளச் சீட்டு. ஆர்டர் தொலைஞ்சு போச்சுன்னா பிஎஃப் பாஸ்புக்ல சேர்ந்த தேதி தெரியும்.

விண்ணப்பம் ஃபார்ம் கே, அதுதான் வாரிசுங்களுக்கானது. ஃபார்ம் ஜே நாமினிக்கு, அதைக் குடுத்து உங்களை எழுதச் சொன்னா எழுதாதீங்க. நீங்களும் மாமியாரும் எழுதுங்க, பையனுக்கு கார்டியனா நீங்களே. வாரிசு ஒரு வருஷத்துக்குள்ள கேக்கணும், உங்களுக்கு பத்து மாசம் ஆச்சு, அதனால வர்ற பிப்ரவரி 14க்கு முன்னாடி குடுத்துடுங்க. வாரிசுச் சான்றிதழ் அதுக்குள்ள வராட்டியும் அப்ளை பண்ணின ரசீதை வச்சு குடுங்க, சான்றிதழ் பின்னால தர்றேன்னு எழுதுங்க. தேதி தாண்டிட்டாலும் சரியான காரணம் இருந்தா எடுத்துக்கணும்னு விதியே இருக்கு, லேட் ஆச்சுன்றதுக்காக மட்டும் உரிமை போயிடாது, ஆனா நாமளா ஏன் அவங்களுக்கு ஒரு சாக்கு குடுக்கணும். நேர்ல குடுத்தா காப்பில சீல் வாங்குங்க, வாங்க மாட்டேன்னா டெலிவரி ஆனதுக்கு ஆதாரம் கிடைக்குற மாதிரி ஸ்பீட் போஸ்ட்.

குடுத்த பதினஞ்சு நாளுக்குள்ள மில்லு ஃபார்ம் எல்ல தொகையும் தேதியும் போட்டு பதில் தரணும், இல்ல ஃபார்ம் எம்ல காரணம் சொல்லி மறுக்கணும். மறுத்தாலோ குறைச்சு குடுத்தாலோ பதிலே வராட்டியோ தொண்ணூறு நாளுக்குள்ள ஃபார்ம் என்ல தொழிலாளர் துறைல இருக்குற கட்டுப்பாட்டு அதிகாரிகிட்ட போங்க, மாநில மில்லுன்னா பெரும்பாலும் உதவி ஆணையர்தான். வேற மாநிலத்துலயும் கிளை இருக்குற கம்பெனின்னா மத்திய அரசு லேபர் ஆபீஸ். அங்க போறப்போ வட்டியும் சேர்த்துக் கேளுங்க. நீங்க விண்ணப்பம் குடுத்தாலும் குடுக்காட்டியும் கணக்கு போட்டுச் சொல்ல வேண்டியது மில்லோட கடமை, முப்பது நாள்ல பணம் தந்திருக்கணும், அதாவது மார்ச் நடுவுலயே. அதுக்கப்புறம் வருஷத்துக்கு 10 சதவீதம் சாதா வட்டி, மேல சொன்ன 36,000க்கு மாசம் 300, இதுவரைக்கும் ஒம்பது மாசத்துக்கு 2,700.

ஒரு சின்ன விஷயம். 2025 நவம்பர் 21ல இருந்து பழைய சட்டத்துக்குப் பதிலா சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துருச்சு, உங்க வீட்டுக்காரர் அதுக்கு முன்னாடியே இறந்ததால உங்களுக்கு 1972 சட்டம்தான். அந்த தேதிக்கு அப்புறம் யாராவது இறந்திருந்தா அங்கயும் அஞ்சு வருஷ நிபந்தனை கிடையாது, ஆனா சம்பளக் கணக்கு மாறியிருக்கு, அலவன்ஸ் எல்லாம் சேர்ந்து மொத்தத்துல பாதிக்கு மேல போனா அந்த அதிகப்படிய சம்பளத்தோட சேர்த்துத்தான் கிராஜுவிட்டி போடணும், பேசிக்கை ரொம்பக் குறைச்சு வச்சிருக்குற கம்பெனி ஆளுங்க அதைக் கவனிச்சுக் கேளுங்க.

ஃபார்ம் எஃப் காப்பி கைக்கு வந்ததும் அதுல இருக்குற பேரு, தேதி ரெண்டையும் எழுதுங்க, அண்ணன் பேருக்கு பதிலா வேற ஏதாவது இருந்தா விண்ணப்பத்தை மாத்தி எழுத வேண்டி வரும்.